அப்பாவோட அக்டோபர் சம்பளச் சீட்டு: ஓ.டி., லீவு, போனஸ் மூணுலயும் கணக்கு இடிக்குது

ஜெபின்_கோணம் | 8 நவம்பர் 2024, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். அப்பா நாகர்கோவில் பக்கம் ஒரு மீன்வலை ஃபேக்டரியில மெஷின் ஓட்டுறாங்க. 2019-ல இருந்து அங்கதான். நேத்து அக்டோபர் சம்பளம் ஏறிச்சு. எப்பவும் சீட்டை மடிச்சு பையில வச்சுட்டுப் போற மனுஷன், நேத்து அதை என் கையில தந்து "இதைக் கொஞ்சம் பாரு மக்கா"ன்னாங்க. சீட்டுல இருக்கிறது இதுதான்:

அடிப்படைச் சம்பளம் + பஞ்சப்படி: 13,000
வீட்டு வாடகைப்படி: 1,560
ஓ.டி. 24 மணி: 1,300
சம்பளம் இல்லாத லீவு 3 நாள்: 1,456 கழிவு
பி.எஃப்.: 1,404
இ.எஸ்.ஐ.: 109
கைக்கு வந்தது: 12,891

தீபாவளிக்கு முன்னாடி போனஸ்னு தனியா 6,997 ரூபாய் வந்துது.

அப்பாகிட்ட ஒரு சின்ன நீல டைரி உண்டு. எந்த நாள் எத்தனை மணி நேரம்னு பென்சில்ல எழுதி வைப்பாங்க. 8, 8, 10, 10ன்னு வரிசையா இருக்கும். அக்டோபர்ல 12 நாள் 10 மணி நேரம் நின்னிருக்காங்க. 24 மணி நேர ஓ.டி.க்கு 1,300 ரூபாய்னா மணிக்கு 54 ரூபாய்தான் வருது. ஓ.டி.ன்னா டபுள்னு நான் கேள்விப்பட்டிருக்கேன். 21, 22, 23 மூணு நாள் அத்தை மகள் கல்யாணத்துக்குக் குளச்சல் போனதுக்கு லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான் போனாங்க. அதையும் வெட்டியிருக்கு. எது சரி, எது தப்பு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

தக்கலை_ஷாஜி | 8 நவம்பர், இரவு 10:15

தம்பி, இதுல யோசிக்க என்ன இருக்கு? 8 மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் நின்னாலும் டபுள். 14,560-ஐ 26-ஆல வகுத்தா ஒரு நாள் 560, அதை 8-ஆல வகுத்தா மணிக்கு 70, டபுள் 140. 24 மணிக்கு 3,360 வரணும். 1,300 குடுத்து ஏமாத்திட்டாங்க. போனஸ் மட்டும் சரியாத்தான் இருக்கு, 7,000 ரூபாய் சீலிங், அதுல 8.33 சதவீதம். அதை விட்டுட்டு ஓ.டி.யைக் கேளுங்க.

---

கணக்கு_ராஜம் | 9 நவம்பர், காலை 6:50

ஜெபின் தம்பி, நான் 31 வருஷம் ஃபேக்டரி ஆபீஸ்ல சம்பளக் கணக்கு போட்டவ. முதல்ல கயிறு, அப்புறம் வலை. இப்ப ரிட்டையர் ஆயாச்சு. உங்க அப்பா சீட்டைப் பார்த்ததும் ஒண்ணு புரிஞ்சுது. 13,000-ங்கிற ஒரே தொகையை எல்லாக் கணக்குக்கும் போட்டிருக்காங்க. தப்பு அங்கதான் தொடங்குது. ஓ.டி.க்கு ஒரு சம்பளம், பி.எஃப்.க்கு ஒரு சம்பளம், இ.எஸ்.ஐ.க்கு ஒண்ணு, போனஸுக்கு ஒண்ணு. பேரு ஒண்ணுதான், உள்ள அடங்குறது வேற வேற.

ஓ.டி.யை முதல்ல பார்ப்போம். இப்ப 2024-ல நடப்புல இருக்கிற 1948 தொழிற்சாலைச் சட்டம் 59-ஆவது பிரிவுல அடிப்படையும் மற்ற படிகளும் சேர்ந்ததுதான் ஓ.டி. கணக்குக்கு உரிய சம்பளம். போனஸும் ஓ.டி.யும் சேராது. உங்க ஆபீஸ்ல வாடகைப்படியை விட்டுட்டு 13,000-ஐ மட்டும் எடுத்து, 30-ஆல வகுத்து, 8-ஆல வகுத்து, டபுளும் போடாம விட்டிருக்காங்க. 54 ரூபாய் வந்தது அப்படித்தான்.

ஆனா ஷாஜி சொன்ன 3,360-ம் சரி இல்ல. சட்டத்துல 8 மணிக்கு மேலன்னு இல்லவே இல்ல. ஒரு நாள்ல 9 மணிக்கு மேல, இல்லன்னா ஒரு வாரத்துல 48 மணிக்கு மேல, இந்த ரெண்டுல ஒண்ணு தாண்டினாத்தான் டபுள். அக்டோபர்ல எத்தனை லீவு விழுந்திருக்குன்னு பாருங்க. 2-ந்தேதி காந்தி ஜெயந்தி, 11 ஆயுத பூஜை, 31 தீபாவளி, நடுவுல உங்க அப்பா போட்ட மூணு நாள். முழுசா ஆறு நாள் வேலை நடந்த வாரம் 14 முதல் 19 வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான். அதனால டைரியைப் பார்த்து, 10 மணி நேரம் நின்ன அந்த 12 நாளும் எந்தெந்தத் தேதின்னு எழுதுங்க. சாப்பாட்டு நேரத்தைக் கழிச்சுத்தான் 10 மணியான்னும் சொல்லுங்க.

---

குலசேகரம்_மணி | 9 நவம்பர், காலை 8:05

நான் ரப்பர் எஸ்டேட்ல பால் வெட்டுறேன். காலம்பற நாலரைக்கே மரத்துக்குப் போயிருவேன். 9 மணிக்கு மேல டபுள்னு மேல எழுதியிருக்கே, எங்களுக்கும் காலையில 9 மணிக்கு மேல வெட்டினா டபுள் கிடைக்குமா?

---

கணக்கு_ராஜம் | 9 நவம்பர், காலை 8:30

மணி அண்ணே, நான் சொன்னது கடிகாரத்துல 9 மணி இல்ல, 9 மணி நேர வேலை. அதோட எஸ்டேட் வேலை தொழிற்சாலைச் சட்டத்துல வராது, தோட்டத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் உண்டு. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள லீவு அதுலயும் இருக்கு. உங்க கேள்வியைத் தனியா ஒரு இழையில போடுங்க, அங்க வந்து எழுதுறேன்.

---

ஜெபின்_கோணம் | 9 நவம்பர், மதியம் 1:20

அக்கா, டைரியைப் பார்த்தாச்சு. காலை 7 மணிக்கு ஏறி 3:30-க்கு இறங்கணும், நடுவுல அரை மணி சாப்பாடு. ஓ.டி. நாள்ல 5:30 வரைக்கும். அப்போ சாப்பாடு போக 10 மணி நேரம்தான். தேதி: 7, 8, 9. அப்புறம் 14 முதல் 19 வரைக்கும் ஆறு நாளும். அப்புறம் 28, 29, 30. தீபாவளிக்கு முன்னாடி ஆர்டர் நெருக்கடின்னு நிக்கச் சொன்னாங்களாம்.

---

கணக்கு_ராஜம் | 9 நவம்பர், மாலை 4:10

இனி கணக்கு போடலாம்.

14 முதல் 19 வரைக்கும் ஆறு நாள், தினம் 10, மொத்தம் 60 மணி. ஓ.டி.யோட சேர்த்து வாரத்துக்கு 60 மணிதான் சட்டம் விடுற உச்சம். அதைத் தொட்டாச்சு. 48 போக 12 மணி நேரம் டபுள்.

7 முதல் 12 வரைக்கும் உள்ள வாரத்துல 11 விடுமுறை. மூணு நாள் 10 மணி, ரெண்டு நாள் 8 மணி, மொத்தம் 46. வாரக் கணக்குல 48 தாண்டல. ஆனா 7, 8, 9 மூணு நாளும் ஒரு நாளுக்குரிய 9 மணியைத் தாண்டியிருக்காங்க. நாளுக்கு ஒரு மணி வீதம் 3 மணி டபுள். மிச்ச 3 மணி, அதாவது எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல உள்ள நேரம், சாதா ரேட்டு.

28, 29, 30-ம் இதே மாதிரி. 3 மணி டபுள், 3 மணி சாதா.

ஆக 18 மணி டபுள், 6 மணி சாதா. மணிக்கு 70 ரூபாய்னு வச்சா 18-க்கு 2,520, 6-க்கு 420. மொத்தம் 2,940. சீட்டுல 1,300. ஓ.டி.யில மட்டும் 1,640 குறையுது.

உங்க ஃபேக்டரியில 8 மணிக்கு மேல எல்லாமே டபுள்னு யூனியனோட ஒப்பந்தம் போட்டிருந்தாலோ, ரொம்ப நாளா அப்படித்தான் குடுத்துட்டு வந்திருந்தாலோ, அப்ப ஷாஜி சொன்ன 3,360-தான். அதை அப்பாகிட்ட கேளுங்க.

---

தக்கலை_ஷாஜி | 9 நவம்பர், மாலை 5:00

ராஜம் அக்கா, எங்க கம்பெனியில 8-க்கு மேல டபுள்தான் தாறாங்க. அதனால சட்டமே அப்படின்னு நினைச்சுட்டேன். ஒப்பந்தத்துனால வர்றதுன்னு இப்பத்தான் தெரியுது.

---

சிறுதொழில்_தாஸ் | 9 நவம்பர், இரவு 8:45

நான் 28 பேரை வச்சு ஒரு யூனிட் நடத்துறேன். அந்த ஃபேக்டரிக்காகப் பேச வரல. சிங்கிள் ரேட்டு குடுத்தது தப்புதான். ஆனா 26-ஆ 30-ஆங்கிறதை எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க? மாசச் சம்பளம்னா ஞாயிறுக்கும் சேர்த்துத்தானே குடுக்கிறோம். அவங்க லீவு வெட்டும்போதும் 30-ஆலதான் வகுத்திருக்காங்க. 14,560-ஐ 30-ஆல வகுத்து மூணு நாளுக்கு 1,456. 26-ஆல வெட்டியிருந்தா 1,680 போயிருக்கும். வெட்டும்போது 30, குடுக்கும்போது 26-ன்னு தொழிலாளி கேட்டா அதுவும் நியாயம் இல்லையே?

---

கணக்கு_ராஜம் | 9 நவம்பர், இரவு 9:30

தாஸ் சார், இதுல உங்க பக்கமும் நியாயம் இருக்கு. மாசச் சம்பளக்காரருக்கு எதால வகுக்கணும்னு 59-ஆவது பிரிவு எண் போட்டுச் சொல்லல. நான் 26 போடுறதுக்குக் காரணம், வார விடுமுறை நாள்ல ஆள் வேலை செய்யறது இல்ல, வேலை செஞ்ச நாளுக்குத்தான் அந்தக் கூலி. பணிக்கொடைச் சட்டத்துல 26-னு எழுதியே வச்சிருக்காங்க. 30-ஆல வகுத்தா மணிக்கு 60 ரூபாய் 67 பைசா. அப்படியே போட்டாலும் 18 மணி டபுளுக்கும் 6 மணி சாதாவுக்கும் 2,548 வரும். 1,300 எந்தக் கணக்குலயும் வராது. ஜெபின், ஆபீஸ்ல பேசும்போது 26-க்காகச் சண்டை போடாதீங்க. டபுளையும் வாடகைப்படியையும் முதல்ல பிடிங்க.

வாடகைப்படியைப் பத்தியும் சொல்லணும். அது ஓ.டி.யில சேராதுன்னு வாதாடுறவங்க இருக்காங்க. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்காரங்க வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல சேர்க்கணும்னுதான் சொல்லிச்சு. அது மேல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு.

---

செல்வி_மார்த்தாண்டம் | 10 நவம்பர், காலை 7:15

எங்க அம்மை முந்திரி ஃபேக்டரியில தோல் உரிக்கப் போறா. மாசச் சம்பளம் கிடையாது, கிலோ கணக்கு. கையெல்லாம் கறுத்துப் போயிருக்கும். கிலோ கணக்குக்காரிக்கு லீவு சம்பளமே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அது உண்மையா? உண்டுன்னா ஒரு நாளுக்கு எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தினமும் ஒரே மாதிரி உரிக்க முடியாதே.

---

கணக்கு_ராஜம் | 10 நவம்பர், காலை 9:00

உண்மை இல்ல செல்வி. கிலோ கணக்கானாலும், நாள் கூலியானாலும், மாசச் சம்பளமானாலும் ஃபேக்டரித் தொழிலாளிக்கு லீவு உண்டு. போன வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும் 240 நாள் வேலை செஞ்சிருக்கணும். அப்படின்னா 20 நாளுக்கு ஒண்ணு வீதம் இந்த வருஷம் லீவு.

ஒரு நாள் தொகைக்கு வழி இருக்கு. லீவு எடுக்கிறதுக்கு முந்தின மாசம் அம்மா சம்பாதிச்சதை, அந்த மாசம் நிஜமா வேலைக்குப் போன நாளால வகுக்கணும். ஓ.டி.யும் போனஸும் சேர்க்கக் கூடாது. 22 நாள் போய் 8,580 ரூபாய் எடுத்திருந்தா ஒரு நாளுக்கு 390. அஞ்சு நாள் லீவுக்கு 1,950. அதனாலதான் முந்தின மாசம் எத்தனை நாள் போனாங்கன்னு நீங்களே எழுதி வைக்கிறது முக்கியம். மாசத்துல 22 நாள் போனவங்களுக்கு 26-ஆல வகுத்து 330-ன்னு குடுத்த இடத்தை நானே பார்த்திருக்கேன். கிலோ கணக்குக்கு ஓ.டி. ரேட்டும் இதே போல முந்தின மாசச் சராசரியில இருந்துதான் வரும்.

வருஷத்துக்கு 240 நாள் வேலையே ஃபேக்டரி தராம விட்டா அது வேற சிக்கல். லே-ஆஃப் குடுத்த நாளை 240-ல சேர்த்துக்கலாம். ஆனா சும்மா "நாளைக்கு வராத"ன்னு வாய்ச்சொல்லா சொல்லி அனுப்பின நாளை எப்படி நிரூபிக்கிறதுங்கிறதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல.

---

ஜெபின்_கோணம் | 10 நவம்பர், இரவு 8:20

அக்கா, அப்பாவோட பழைய சீட்டை எல்லாம் அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு வச்சிருந்தாங்க. 2023-ல 262 நாள் வருது. 262-ஐ 20-ஆல வகுத்தா 13 லீவு. இந்த வருஷம் 4 எடுத்தாச்சு, 9 பாக்கி. ஆனா ஆபீஸ்ல "எழுதிக் குடுக்கல, அதான் வெட்டினோம்"ங்கிறாங்க. அப்பா 5-ந்தேதியே பேப்பர்ல எழுதி சூப்பர்வைசர் கையில குடுத்தாங்க. நகல் எடுக்கல.

---

சிறுதொழில்_தாஸ் | 10 நவம்பர், இரவு 9:05

15 நாள் முன்னாடி எழுத்துல குடுக்கணும்னு சட்டம் சொல்லுது, வருஷத்துல மூணு தடவைக்கு மேல பிரிச்சு எடுக்கவும் முடியாது. பேப்பர் இல்லன்னா ஆபீஸ் சொல்றதுதான் நிக்கும்.

---

கணக்கு_ராஜம் | 10 நவம்பர், இரவு 9:50

15 நாள் விதி இருக்குதான். நோய்க்குத்தான் அதுல விலக்கு. 5-ந்தேதி குடுத்ததுன்னா 21-க்கு 16 நாள் இருக்கு, காலம் சரியாத்தான் இருக்கு. நகல் இல்லாதது பலவீனம். இனிமேல் ரெண்டு பேப்பர்ல எழுதி ஒண்ணுல கையெழுத்து வாங்கச் சொல்லுங்க, இல்லன்னா சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்ல படம் எடுத்தாவது அனுப்பச் சொல்லுங்க. இப்போதைக்கு, 9 நாள் கையில இருக்கு, அதுல இருந்து கழிச்சுக்கோங்கன்னு கேளுங்க. 31-ந்தேதி வரைக்கும் எந்த மெமோவும் குடுக்காம, சொல்லாம போனதா எங்கயும் எழுதாம, சம்பளத்துல மட்டும் வெட்டினது எப்படின்னும் கேளுங்க.

இந்த மூணு நாளை விட்டுடாதீங்க தம்பி. 1,456 ரூபாயோட போற விஷயம் இல்ல. சம்பளம் இல்லாத லீவுன்னு ஆனதால பி.எஃப். 13,000-க்கு 1,560 போகாம, 11,700-க்கு 1,404 தான் போயிருக்கு. முதலாளி பங்கும் அதே அளவு குறைஞ்சிருக்கும். அடுத்த வருஷ போனஸ்ல அந்த மூணு நாள் சம்பளம் சேராது. அடுத்த வருஷ லீவுக்குப் பார்க்கிற 240 நாள்லயும் சேராது. சம்பள லீவா எழுதினா போனஸ்லயும் 240-லயும் அது எண்ணிக்கைக்கு வரும்.

இப்ப முழுச் சீட்டும் எப்படி இருக்கணும்னா: சம்பளம் 14,560, வெட்டு இல்ல. ஓ.டி. 2,940. மொத்தம் 17,500. பி.எஃப். 1,560, இதுல வாடகைப்படியும் ஓ.டி.யும் சேராது. இ.எஸ்.ஐ. 17,500-க்கு 0.75 சதவீதம், 131 ரூபாய் 25 பைசா, அடுத்த ரூபாய்க்கு ஏத்தி 132. இதுல ஓ.டி.யும் சேரும், அதனால கொஞ்சம் கூடுதல் பிடிப்பாங்க, அது சரிதான். கைக்கு 15,808. வந்தது 12,891. வித்தியாசம் 2,917 ரூபாய்.

---

தக்கலை_ஷாஜி | 10 நவம்பர், இரவு 10:10

ஓ.டி. சேர்ந்து 21,000 தாண்டினா இ.எஸ்.ஐ. கார்டு போயிருமே அக்கா? எங்க இடத்துல அதுக்குப் பயந்தே சிலர் ஓ.டி. நிக்கிறது இல்ல.

---

கணக்கு_ராஜம் | 10 நவம்பர், இரவு 10:25

போகாது. 21,000 வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி.யைச் சேர்க்க மாட்டாங்க. பணம் பிடிக்கும்போது மட்டும் சேர்ப்பாங்க. அந்தப் பயத்துல நிக்காம இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க ஷாஜி.

போனஸ்தான் பாக்கி. 7,000 சீலிங்னு நீங்க சொன்னது பாதிதான். 2015-ல திருத்தினப்போ 7,000 ரூபாய், அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு வச்ச குறைந்தபட்சக் கூலி, இதுல எது கூடுதலோ அதுன்னு போட்டாங்க. உதாரணத்துக்கு அந்தத் தொழிலோட குறைந்தபட்சக் கூலி மாசம் 11,000-னு வச்சுக்கோங்க. அதுல 8.33 சதவீதம், 12 மாசத்துக்கு 10,996 ரூபாய். 7,000-ல போட்டா 6,997. நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். ஜெபின், உங்க ஃபேக்டரி எந்தத் தொழில் பட்டியல்ல வருது, 2023-24-ல அதுக்கு என்ன கூலின்னு நாகர்கோவில் தொழிலாளர் துறை ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்குங்க. பட்டியல்லயே வராத தொழில்னா 7,000-தான் நிக்கும்.

---

செல்வி_மார்த்தாண்டம் | 11 நவம்பர், காலை 6:40

எங்க பக்கம் போனஸ் கிறிஸ்துமஸுக்குத்தான் தருவாங்க. அது சரியா அக்கா?

---

கணக்கு_ராஜம் | 11 நவம்பர், காலை 7:10

கணக்கு வருஷம் மார்ச் 31-ல முடிஞ்சா எட்டு மாசத்துக்குள்ள, அதாவது நவம்பர் 30-க்குள்ள குடுத்தாகணும். கிறிஸ்துமஸ் வரைக்கும் தள்ளணும்னா அரசுகிட்ட அனுமதி வாங்கியிருக்கணும். ஊர்ப் பழக்கம்னு யாரும் கேக்கிறது இல்ல.

---

ஜெபின்_கோணம் | 14 நவம்பர், இரவு 9:15

ராஜம் அக்காவுக்கு ரொம்ப நன்றி. நேத்து அப்பாவும் நானும் ஆபீஸ் போனோம். டைரியை மேசையில விரிச்சு வச்சு 14 முதல் 19 வரைக்கும் தேதியைக் காட்டினோம். கணக்குப் பையன் பஞ்சிங் கார்டை எடுத்து ஒவ்வொண்ணா ஒத்துப் பார்த்தான். ஒரு நாள்கூட மாறல. மூணு நாளையும் சம்பள லீவா மாத்தி, 9-ல 3 கழிச்சுட்டாங்க. வெட்டின 1,456 நவம்பர் சம்பளத்துல வரும். ஓ.டி.யில டபுள் ஒத்துக்கிட்டாங்க, ஆனா வாடகைப்படி சேர்க்க மாட்டோம், 30-ஆலதான் வகுப்போம்னு நிக்கிறாங்க. அப்படிப் போட்டா 24 மணிக்கும் சேர்த்து 2,275 வரும், பாக்கி 975 தருவாங்க. அக்கா, 2,275-ஐ வாங்கிக்கிட்டு மீதியைப் பிறகு கேக்கலாமா? வாங்கினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடுமா?

---

கணக்கு_ராஜம் | 14 நவம்பர், இரவு 10:00

வாங்குங்க. "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி இல்லை"ங்கிற மாதிரி எதுலயும் அப்பா கையெழுத்து போட வேண்டாம். அந்த ஒரு வரியைப் படிச்சுப் பார்த்துட்டுப் போடச் சொல்லுங்க. குறைச்சுக் குடுத்த சம்பளத்துக்கு ஊதியம் வழங்கல் சட்டத்துல மனு போட 12 மாசம் இருக்கு. அக்டோபர் மட்டும்தானா, முந்தின மாசங்கள்லயும் சிங்கிள் ரேட்டா? அந்த பிஸ்கட் டப்பாவுல உள்ள சீட்டையும் டைரியையும் தேதி வாரியா அடுக்குங்க.

---

ஜெபின்_கோணம் | 14 நவம்பர், இரவு 10:20

எல்லா மாசமும் சிங்கிள்தான் அக்கா. அம்மா டப்பாவை எடுத்துட்டு வந்து பாயில கொட்டியாச்சு. ஜனவரியில இருந்து அடுக்கிட்டு இருக்கோம். போனஸ் விஷயமா திங்கட்கிழமை தொழிலாளர் துறை ஆபீஸ் போறேன்.